ஏலக்காய், மிளகு, கிராம்பு: தரம், மணம், பழைய சரக்கு, சாயச் சரக்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏலக்காய் தரம் பிரிக்கும் மேசையில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். மிளகும் கிராம்பும் அதே கிடங்கில்தான் வந்து இறங்கும். அங்கே வந்தவர்களும் தெரிந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். ஏலக்காய்க்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மூன்றில் அதிகம் ஏமாற்றப்படுவது அதில்தான்.

பாக்கெட்டில் "எக்ஸ்ட்ரா போல்டு" என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் மணமும் நன்றாகத்தானே இருக்கும்?

காய் பெரியது என்பதைத் தாண்டி அந்தப் பெயர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. இந்தியாவின் அக்மார்க் முறையில் ஆலப்புழை பச்சை என்ற வகையை எடுத்துக்கொள்ளுங்கள். 7 மி.மீ. குறுக்களவும் அதற்கு மேலும் உள்ள காய் 'எக்ஸ்ட்ரா போல்டு'. 6 மி.மீ. என்றால் 'போல்டு'. 5 மி.மீ. என்றால் 'சுப்பீரியர்'. இதோடு நிறம், வெடிப்பு, பூச்சி அரிப்பு ஆகியவற்றையும் பார்ப்போம். எல்லாமே தோலுக்கு வெளியே நின்று பார்க்கிற விஷயங்கள். வட்ட ஓட்டை போட்ட சல்லடை காயின் பருமனைத்தான் பிரிக்கும், உள்ளே எண்ணெய் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

தரப் பட்டியலில் உள்ளே இருப்பதைப் பற்றிச் சொல்லும் முக்கியமான எண் லிட்டர் எடைதான். ஒரு லிட்டர் பாத்திரத்தை அழுத்தாமல் நிரப்பி எடை போட்டால் எக்ஸ்ட்ரா போல்டு 435 கிராமாவது இருக்க வேண்டும், போல்டு 415, சுப்பீரியர் 385. காய் பெரிதாக இருந்து லிட்டர் எடை குறைந்தால் உள்ளே அரிசி நிறையவில்லை என்று பொருள். ஏலக்காய் வாங்கி விற்பவர்கள் "லிட்டர் வெயிட் எவ்வளவு?" என்று முதலில் கேட்பதன் காரணம் இதுதான். மொத்தமாக வாங்குகிறவர் நீங்கள் என்றால் நீங்களும் கேளுங்கள்.

சரி, மணம் உண்மையில் எங்கே இருக்கிறது?

அரிசியில். உள்ளே மூன்று அறைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் கறுத்த விதைகளைத்தான் ஏல அரிசி என்கிறோம். தோலில் எண்ணெய் மிகக் குறைவு. தோலின் வேலை அரிசியின் எண்ணெயைப் பறக்கவிடாமல் மூடி வைப்பது.

அந்த எண்ணெயில் இரண்டு பொருள்கள் முக்கியம். ஒன்று சினியோல், மூக்கில் சில்லென்று ஏறுகிற கற்பூர வாடை அதனுடையது. இன்னொன்று டெர்பினைல் அசிடேட், பின்னால் வருகிற இனிப்பான பூவாசம் அதனுடையது. நல்ல காயில் இரண்டும் வரும். ஐந்தாறு அரிசியை விரல் நகத்தால் நசுக்கி உடனே ஒரு தடவை முகருங்கள், ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை முகருங்கள். முதல் தடவை குளிர்ச்சியும் இரண்டாம் தடவை இனிப்பும் தெரிந்தால் சரக்கு உயிரோடு இருக்கிறது. பழைய காயில் முதல் வாடையே மந்தமாக இருக்கும். ரொம்பப் பழசானதில் மரத்தூள் போலவோ, பெயின்ட் கரைக்கிற டர்பன்டைன் போலவோ ஒரு சாயல் வரும். அது எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெட்டதன் அடையாளம்.

காயைத் திறக்காமல் முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூட்டை வாயைத் திறந்தவுடன் குப்பென்று அடிக்கிற வாசனை பெரும்பாலும் வெடித்த காய்களிலிருந்து வருவது. மூடி வைத்த பையில் சுமாரான சரக்குகூட அப்படி மணக்கும்.

இரண்டு மாதிரி வைத்திருக்கிறேன். ஒன்று பெரியது, கரும்பச்சை. இன்னொன்று சின்னது, வெளிறிய பச்சை. எப்படி முடிவு செய்வது?

இதே கேள்வியோடு ஒருவர் இரண்டு பொட்டலம் கொண்டுவந்தார். அன்று செய்ததை அப்படியே சொல்கிறேன், நீங்களும் சமையலறைத் தராசை வைத்துச் செய்யலாம்.

இரண்டிலும் 20 கிராம் எடுத்துக்கொண்டோம். பொறுக்கி எடுக்கக் கூடாது, பொட்டலத்தைக் கலக்கிவிட்டு வந்தபடி எடுக்க வேண்டும். பெரிய கரும்பச்சையில் 20 கிராமுக்கு 74 காய் நின்றது. சின்னதில் 102 காய். எல்லாவற்றையும் உரித்து, தோலைத் தனியாகவும் அரிசியைத் தனியாகவும் வைத்து எடை போட்டோம். பெரியதில் அரிசி 12 கிராம், அதாவது நூற்றுக்கு அறுபது. சின்னதில் 14 கிராமுக்குக் கொஞ்சம் மேலே, நூற்றுக்கு எழுபதைத் தாண்டியது.

அதற்கப்புறம் அரிசியின் நிறத்தைப் பார்த்தோம். பெரியதில் 74 காயில் 11 காயின் அரிசி வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ இருந்தது. அதாவது முற்றாமல் பறித்த காய். நசுக்கினால் மாவு வாசனைதான் வந்தது. சின்னதில் அப்படி மூன்றே காய். மற்றதெல்லாம் கரும்பழுப்பு, தொட்டால் விரலில் லேசாக ஒட்டியது, மூன்று வரிசையாகக் கட்டியாக நின்றது.

அவர் பெரியதை எடுக்கத்தான் வந்திருந்தார். எண்களைப் பார்த்ததும் சின்னதை எடுத்துக்கொண்டார். என் அனுபவத்தில் அரிசி எழுபது பங்கை ஒட்டி இருந்தால் நல்ல காய். அறுபதுக்குக் கீழே போனால் தோலைத்தான் வாங்குகிறோம்.

பெரிய காய் எப்போதும் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முற்றிய பெரிய காயும் உண்டு, அது மிக அருமையான சரக்கு. உரித்துப் பார்க்காமல் இரண்டையும் பிரிக்க முடியாது என்பதைச் சொல்லவே இந்தக் கணக்கு.

கரும்பச்சையாக இருந்தாலே சாயம் போட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஒழுங்காக உலர்த்திய காய் அழகான பச்சையாகவே இருக்கும். பறித்த காயை அன்றே கழுவி, வெயில் படாமல், உலர்த்தும் அறையில் 45 முதல் 55 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் ஏறக்குறைய ஒரு நாள் வைத்தால் பச்சை நிற்கும். சூடு தாண்டினால் பழுப்பேறும். வெயிலில் காயவைத்தால் வெளுக்கும், வெடிக்கும்.

பறிக்கும் பருவமும் நிறத்தை மாற்றும். உள்ளே அரிசி கறுத்து, வெளியே இன்னும் பச்சையாக இருக்கும் நிலையைக் கரிக்காய் என்பார்கள். அதுதான் சரியான பருவம். அதைத் தாண்டிப் பழமாகிவிட்டால் காய் மஞ்சளாகும், உலரும்போது வாய் பிளக்கும். அதற்கு முன்னே பறித்த பிஞ்சு நல்ல கரும்பச்சையாக உலரும், ஆனால் அரிசி வெள்ளை. ஆகவே கரும்பச்சைக்கு மூன்று காரணம் இருக்கலாம்: நல்ல உலர்த்தல், பிஞ்சுப் பறிப்பு, சாயம். உரித்தால் முதல் இரண்டும் பிரிந்துவிடும். மூன்றாவதற்குத் தண்ணீர் வேண்டும்.

சாயத்தைத் தண்ணீரில் எப்படிக் கண்டுபிடிப்பது?

வெள்ளைக் கிண்ணம் ஒன்றில் ஆறிய சாதாரணத் தண்ணீரை ஊற்றிப் பத்துக் காய் போடுங்கள். லேசாக ஒரு சுற்றுக் கலக்கிவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். காயின் இயற்கைப் பச்சை பச்சையத்தால் வருவது. பச்சையம் தண்ணீரில் கரையாது. அதனால் நல்ல காய் போட்ட தண்ணீர் மிஞ்சிப் போனால் வெளிர் மஞ்சளாகவோ தேநீர் சாயலிலோ மாறும், அதுவும் மெதுவாக. சாயம் போட்ட காய் என்றால் பெரும்பாலும் முதல் சில நிமிடங்களிலேயே பளிச்சென்ற பச்சை காயைச் சுற்றி நூல் நூலாக இறங்கும்.

பச்சைச் சாயம் பெரும்பாலும் ஒரே சாயமல்ல. டார்ட்ராசின் என்ற மஞ்சளையும் பிரில்லியன்ட் புளூ என்ற நீலத்தையும் கலந்து செய்வது. அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை மை உறிஞ்சும் தாளிலோ டிஷ்யூவிலோ வைத்தால், பரவும்போது ஓரத்தில் நீலமும் மஞ்சளும் தனித்தனியாகப் பிரிவதைப் பார்க்கலாம். ஒரு பச்சைக் காயிலிருந்து நீலம் பிரிந்து வந்தால் அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

அவசரத்துக்கு வேறொன்று செய்யலாம். வெள்ளைத் துணியை ஈரமாக்கிக் காயை நன்றாக அழுத்தித் தேயுங்கள். துணியில் பச்சை பிடித்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் துணி சுத்தமாக இருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள், சாயத்தின் மேல் எண்ணெய் பூசியிருந்தால் முதலில் ஒட்டாது. கிண்ணம்தான் நம்பகமானது.

சானிடைசரில் நனைத்த பஞ்சால் தேய்த்தேன், பச்சையாக வந்தது. சாயம்தானே?

இல்லை, இந்தச் சோதனையே தவறு. பச்சையம் தண்ணீரில் கரையாது, ஆனால் ஸ்பிரிட்டில் நன்றாகக் கரையும். சானிடைசரில் பெரும்பங்கு ஸ்பிரிட்தான். மிக நல்ல காயைத் தேய்த்தாலும் பஞ்சு பச்சையாகும். இதைப் பார்த்துவிட்டு நல்ல சரக்கைத் திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும், பாவம், கொடுத்தவர் மேல் ஒரு தப்பும் இல்லை. சமையல் எண்ணெய் தொட்டுத் தேய்ப்பதிலும் இதே சிக்கல். தண்ணீர் மட்டும் போதும்.

வெந்நீரும் வேண்டாம். சூடு பட்டால் தோலின் பழுப்பு வேகமாக இறங்கித் தண்ணீர் கலங்கும், பார்வை குழம்பும்.

தண்ணீர் வசதி இல்லாத இடத்தில் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். நான்கைந்து காயை உள்ளங்கையில் வைத்து முதலில் காம்பு இருந்த முனையைப் பாருங்கள். இயற்கையாக உலர்ந்த காயில் அந்த முனை வைக்கோல் நிறத்தில் வெளிறி இருக்கும், அடுத்த முனையில் பூ காய்ந்த மிச்சம் பழுப்பாக இருக்கும். சாயத்தில் முக்கிய காயில் அந்த முனைகளும் பச்சையாக இருக்கும், செத்த நாருக்குக்கூட நிறம் ஏறியிருக்கும்.

அடுத்து தோலின் வரிகள். இயற்கைப் பச்சை மேட்டிலும் பள்ளத்திலும் சற்று மாறி மாறித் தெரியும், காய்க்குக் காய் வேறுபடும். சாயம் பள்ளங்களில் தேங்கிக் கோடாக நிற்கும், நூறு காயும் ஒரே வர்ணமாக இருக்கும். கடைசியாக, வாய் சற்றுப் பிளந்த ஒரு காயைத் தேடி எடுத்து விரியுங்கள். தோலின் உள்பக்கமும் அரிசியைச் சுற்றிய மெல்லிய சவ்வும் வெளிர் நிறத்தில்தான் இருக்க வேண்டும். அங்கே பச்சைக் கறை இருந்தால் காய் உலர்ந்த பின்னால் எதிலோ நனைந்திருக்கிறது. இதை நான் மிகவும் நம்புவேன், ஏனென்றால் சாயம் போடுகிறவர்களால் இதை மறைக்க முடியாது.

சாயம் போடுவது பெரும்பாலும் பழைய, வெளுத்த காய்க்குத்தான். அதனால் நிறத்துக்கும் மணத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். புதுக்காய் போலப் பச்சை, நசுக்கினால் மரத்தூள் வாசனை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வெளுத்த காய், சொறி பிடித்த காய் எல்லாம் ஒதுக்க வேண்டியதுதானா?

வெளிர் பச்சையோ வைக்கோல் நிறமோ வயதின் அடையாளமாக இருக்கலாம், வெளிச்சத்தில் வைத்ததாலும் இருக்கலாம், பழமாகிப் பறித்ததாலும் இருக்கலாம். வெளிச்சம் தோலின் பச்சையை எடுக்கிற வேகத்தில் மூடிய காயின் எண்ணெயை எடுக்காது. உரித்துப் பார்த்து அரிசி கறுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தால் தாராளமாக எடுக்கலாம். வேண்டுமென்றே வெளுக்கவைத்த காய் என்றும் ஒரு சரக்கு உண்டு. கந்தகப் புகையோ பெராக்சைடோ கொடுத்து வெள்ளையாக்குவார்கள். அதற்கு வாங்குகிறவர்கள் தனி, மணத்துக்காக அதைத் தேட வேண்டியதில்லை.

தோலில் பழுப்பாகப் பொருக்குத் தட்டியிருப்பது, செடியில் இருக்கும்போதே இலைப்பேன் சுரண்டியதன் தழும்பு. லேசான தழும்பு அரிசியைக் கெடுப்பதில்லை. தரப் பட்டியலில் இறங்கிவிடும், மணத்தில் இறங்காது. வீட்டுக்கு வாங்குகிறவர்களுக்கு நான் இதையே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பொருக்கு தடித்து, காய் கோணிச் சுருங்கியிருந்தால் மட்டும் விடுங்கள்.

ஓட்டை விழுந்த காய் வேறு விஷயம். உள்ளே பூச்சி போயிருக்கும், அரிசி பொடிந்திருக்கும். அதை ஒதுக்கத்தான் வேண்டும்.

காயைக் காதருகே குலுக்கினால் சத்தம் வர வேண்டுமா, கூடாதா?

இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள், இரண்டும் வெவ்வேறு சோதனை. ஒரு கைப்பிடி காயை எடுத்துக் குலுக்கினால் கலகலவென்று ஒலிக்க வேண்டும். தோல் நன்றாக உலர்ந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். மொத்தென்று ஒலித்தால் ஈரம் இருக்கிறது, சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும்.

ஒற்றைக் காயை எடுத்துக் குலுக்கும்போது உள்ளே கிலுகிலுவென்று அரிசி உருண்டால் அது நல்லதல்ல. நல்ல காயில் அரிசி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அறையை நிறைத்திருக்கும். உருள்கிறது என்றால் பிஞ்சாக இருந்து சுருங்கியிருக்கலாம், அல்லது ரொம்ப நாள் ஆகி வற்றியிருக்கலாம்.

மிளகில் "டெல்லிச்சேரி", "மலபார்" என்றெல்லாம் போடுகிறார்களே, அது ஊரா தரமா?

தொடக்கத்தில் ஊர்தான். தலச்சேரித் துறைமுகத்தின் பெயர் அது. இன்று மிளகு வணிகத்தில் டெல்லிச்சேரி என்றால் பருமன். சல்லடையில் ஏறக்குறைய 4.25 மி.மீ.க்கு மேல் நிற்கும் மணிகள் டெல்லிச்சேரி எக்ஸ்ட்ரா போல்டு, 4.75க்கு மேல் நிற்பது ஸ்பெஷல் எக்ஸ்ட்ரா போல்டு. 'கார்பிள்டு' என்ற சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தூசியும் காம்பும் பதரும் போகச் சலித்துப் புடைத்தது என்று பொருள். அப்படிச் செய்யாததை 'அன்கார்பிள்டு' என்பார்கள்.

பெரிய மணி கொடியில் அதிக நாள் இருந்து முற்றியது. அதன் மணம் உருண்டு, சற்றுப் பழவாசத்தோடு வரும். ஆனால் காரம் பருமனைப் பொறுத்ததல்ல. காரம் பைப்பரின் என்ற பொருளால் வருவது, மணம் எண்ணெயால் வருவது. சின்ன மணியில் சில சமயம் காரம் கூடுதலாகவே இருக்கும். பொடித்துக் காரத்துக்குப் பயன்படுத்துபவர் பெரிய மணியைத் தேடி அலைய வேண்டியதில்லை. கடைசியில் மேலே தூவ, மணத்துக்காக என்றால் பெரிய மணி எடுங்கள்.

எண்ணெய் பெரும்பாலும் மணியின் தோல் பகுதியில் இருக்கிறது. அதனால்தான் தோல் நீக்கிய வெள்ளை மிளகில் காரம் இருக்கும், அந்த மணம் இருக்காது.

மிளகிலும் லிட்டர் எடை பாருங்கள். 500 கிராம், 550 கிராம் என்றே உலகச் சந்தையில் தரம் பேசுகிறார்கள். 550க்கு மேல் என்றால் கெட்டியான சரக்கு. 450க்குக் கீழே போனால் பதர் அதிகம். வீட்டில் பார்க்க வேண்டுமானால் அரை லிட்டர் பாத்திரமாவது எடுத்துக்கொள்ளுங்கள். சின்னக் கப்பில் ஓரங்களில் இடைவெளி விழுவதால் எடை குறைத்துக் காட்டும்.

தண்ணீரில் மிதக்கும் மிளகெல்லாம் பப்பாளி விதையா?

பெரும்பாலும் இல்லை. உள்ளே பருப்பு நிறையாத பதர் மிளகும் மிதக்கும். பப்பாளி விதையும் மிதக்கும். மிதப்பதைத் தனியாக எடுத்து அடுத்த சோதனை செய்யுங்கள்.

மிளகு உருண்டை, பப்பாளி விதை சற்று நீள்வட்டம். மிளகின் மேலுள்ள சுருக்கம் தேன்கூடு போல வலைப்பின்னலாக இருக்கும். மிதப்பதில் ஒன்றைக் கத்தியால் குறுக்கே வெட்டுங்கள். மிளகென்றால் விளிம்பில் கறுப்புத் தோலும், உள்ளே வெள்ளையும், நடுவில் சின்னப் பொந்தும் தெரியும். பதராக இருந்தால் வெள்ளை இல்லாமல் வெறும் கூடாக இருக்கும், ஆனால் கடித்தால் காரம் உண்டு. பப்பாளி விதையைக் கடித்தால் மிளகுக் காரம் வராது, கசப்பும் ஒரு விதமான முள்ளங்கி வாடையும் வரும். ஒரு பிடியில் இரண்டு மூன்று பதர் மிதந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு பப்பாளி விதை இருந்தாலும் அந்தச் சரக்கு வேண்டாம், அது தவறி விழுந்ததாக இருக்க வாய்ப்பில்லை.

மிளகு பளபளவென்று இருக்கிறது. புதுசுதானே?

புது மிளகு பளபளக்காது. அதன் கறுப்பில் ஒரு மங்கலும் கொஞ்சம் பழுப்பும் இருக்கும். பளபளப்பு எண்ணெய் தேய்த்தால் வருவது. சில நேரம் அது தாது எண்ணெய், அதாவது பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது. பூஞ்சணத்தின் வெண்மையை மறைக்கவும் பழைய சரக்கைக் கறுப்பாகக் காட்டவும் பூசுகிறார்கள். 2012 டிசம்பரில் கொச்சிக் கிடங்குகளில் இருந்த ஆயிரக்கணக்கான டன் மிளகை இந்தக் காரணத்துக்காகவே உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் முடக்கினார்கள்.

ஒரு பிடி மிளகை வெள்ளைத் தாளில் மடித்து உள்ளங்கையால் நன்றாகத் தேயுங்கள். எண்ணெய் பூசியதென்றால் தாளில் ஒளி ஊடுருவும் கறை விழும். கையிலிருக்கும் மணிகளை ஊதிச் சூடேற்றி முகருங்கள், மண்ணெண்ணெய் சாயல் வருகிறதா என்று. நன்றாகச் சுத்திகரித்த தாது எண்ணெயில் வாடையே இருக்காது, அதனால் வாடை இல்லாததை மட்டும் வைத்துச் சரக்கை நல்லது என்று சொல்லிவிட முடியாது. தாளின் கறையே முக்கியம்.

பழைய மிளகை எப்படி அடையாளம் காண்பது?

ஒன்றைக் கடியுங்கள், இன்னொன்றைக் கரண்டியால் நசுக்கி முகருங்கள். கடித்தால் காரம் நிற்கிறது, ஆனால் நசுக்கியதில் மணம் இல்லை என்றால் பழையது. பைப்பரின் பறந்து போகாது, எண்ணெய்தான் பறக்கும். அதனால் பழைய மிளகு காரத்தில் ஏமாற்றிவிடும், மூக்கில் ஏமாற்ற முடியாது.

கடிக்கும்போது 'நறுக்'கென்று உடைய வேண்டும். நசுங்கினால் ஈரம் இருக்கிறது. மணிகளின் சுருக்கத்துக்குள் சாம்பல் நிறப் பூச்சும், பையைத் திறந்தால் நனைந்த சாக்கு வாடையும் இருந்தால் பூஞ்சணம். அதைக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். தயவுசெய்து வேண்டாம். பூஞ்சணம் விட்டுப் போகும் நஞ்சு கழுவினாலும் வறுத்தாலும் முழுதாகப் போவதில்லை.

கிராம்பைத் தண்ணீரில் போட்டால் என்ன தெரியும்?

எண்ணெய் எடுத்ததா இல்லையா என்று தெரியும். மூன்றிலும் தண்ணீர்ச் சோதனை நன்றாக வேலை செய்வது கிராம்பில்தான். நல்ல கிராம்பில் எண்ணெய் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு வரை இருக்கும், அதில் பெரும்பகுதி யூஜினால் என்ற பொருள். அந்த எண்ணெய் தண்ணீரைவிடக் கனமானது. அதனால் நல்ல கிராம்பு மூழ்கும், அல்லது தலை மேலே, காம்பு கீழே என்று நின்றபடி மிதக்கும். தலைக்குள் காற்று இருப்பதால் அப்படி நிற்கிறது. எண்ணெய் வடித்தெடுத்த கிராம்பு படுத்தபடி மிதக்கும்.

பத்துக் கிராம்பு போட்டு ஒரு நிமிடம் கழித்து எண்ணுங்கள். ஒன்று படுத்திருந்தால் விடலாம். நான்கைந்து படுத்திருந்தால் நல்லதோடு சக்கையைக் கலந்திருக்கிறார்கள். ஊறவிட்டு எண்ணாதீர்கள், தண்ணீர் உறிஞ்சியபின் சக்கையும் மூழ்கும்.

நகத்தால் அழுத்தினால் எண்ணெய் வர வேண்டும் என்கிறார்களே?

சரியான சோதனைதான், எங்கே அழுத்துவது என்று தெரிய வேண்டும். எண்ணெய்ப் பைகள் தலைக்குக் கீழே உள்ள தண்டுப் பகுதியில், மேல்தோலை ஒட்டி இருக்கின்றன. நான்கு பல் போல விரிந்திருக்கும் இடத்துக்கு நேர் கீழே நகத்தை ஊன்றி அழுத்துங்கள். நல்ல கிராம்பு சற்று மெத்தென்று இடம் கொடுக்கும், நகம் பட்ட கோட்டில் ஈரம் மின்னும், விரலில் வாசம் ஒட்டும். சக்கை மரக்குச்சி போல இருக்கும், அல்லது பொடியும்.

ஆனால் சக்கைக்கு மேலே எண்ணெய் தடவி விற்பதும் உண்டு. அதனால் முதலில் கிராம்பை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள், அப்புறம் ஒடித்து, ஒடித்த முகத்தைத் தாளில் அழுத்துங்கள். உள்ளிருந்து எண்ணெய் வந்தால்தான் கணக்கு.

கிராம்பில் தரம் எப்படிப் பிரிக்கிறார்கள்?

தலை உதிராமல் இருப்பது, காம்பு கலக்காமல் இருப்பது, நிறம். நல்லது செம்பழுப்பாக, தலை மட்டும் சற்று வெளிறி இருக்கும். கிராம்பு என்பது விரியாத பூமொட்டு. மொட்டு சிவக்கத் தொடங்கும்போது பறித்து, நான்கைந்து நாள் நல்ல வெயிலில் காயவைப்பார்கள். அந்த நாட்களில் மழை பிடித்து மொட்டு குவியலிலேயே புழுங்கிவிட்டால் வெளிறிச் சுருங்கி, மேலே மாவு தூவியது போல ஆகும். அந்தக் கிராம்பில் மணம் பாதிதான். மொட்டு விரிந்து காயாகிப் போனதும் சில நேரம் கலந்து வரும், நடுவில் புடைத்து ஆலிவ் கொட்டை போல இருக்கும், அதிலும் எண்ணெய் குறைவு.

தலை உதிர்ந்ததைப் பற்றி ஒரு வார்த்தை. எண்ணெய் அதிகம் இருப்பது தண்டில் என்பதால், தலை உதிர்ந்த கிராம்பு மணத்தில் பெரிதாக இழப்பதில்லை. அது அழகுக் குறை. பொடிக்கப் போகிறவர் அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. வெறும் காம்புத் துண்டுகள் கலந்திருப்பது வேறு. அவை மெல்லிய சுள்ளிகளாக, கிளை விட்ட கணுவோடு தெரியும். அவற்றில் எண்ணெய் மிகக் குறைவு.

ஒரே மாதிரி கருகருவென்று இருக்கும் கிராம்பையும் ஈரத் துணியில் தேய்த்துப் பாருங்கள். இயற்கைக் கிராம்பு இளம் பழுப்புக் கறை விடும். கறுப்பாகவோ சிவப்பாகவோ பிடித்தால் நிறம் ஏற்றியது.

மூன்றையும் ஒரே நேரத்தில் முகர்ந்து பார்க்கும்போது எல்லாம் ஒன்று போலத் தோன்றுகிறது. என்ன செய்வது?

வரிசையை மாற்றுங்கள். ஏலக்காய் முதலில், மிளகு அடுத்து, கிராம்பு கடைசியில். யூஜினால் பல்வலிக்கு மரத்துப் போகச் செய்யும் பொருள், கிராம்பைக் கடித்துப் பார்த்தால் நாக்கு கொஞ்ச நேரம் மற்ற எதையும் சரியாகச் சொல்லாது. ஒவ்வொன்றுக்கும் நடுவே கையைக் கழுவி, சில நிமிடம் வெளிக்காற்றில் நில்லுங்கள். ஒரே பொருளில் நான்கு மாதிரிக்கு மேல் ஒரு தடவையில் பார்க்காதீர்கள். மேசையில் நாங்களே அதற்கு மேல் பார்ப்பதில்லை, ஐந்தாவதிலிருந்து மூக்கு ஊகிக்கத் தொடங்கிவிடும்.

வாங்கி வந்த நல்ல சரக்கு வீட்டில் எவ்வளவு நாள் நிற்கும்?

முழுதாக, காற்றுப் புகாத டப்பாவில், இருட்டில் வைத்தால் மூன்றும் ஒரு வருடம் நன்றாக இருக்கும். மிளகும் கிராம்பும் அதைத் தாண்டியும் நிற்கும். ஏலக்காய்தான் முதலில் தளரும். கண்ணாடிப் புட்டியில் வெளிச்சம் படும்படி வைத்தால் நிறம் சில வாரங்களில் இறங்கிவிடும். உரித்த ஏல அரிசி சில வாரங்களிலேயே தளர்ந்துவிடும், பொடி அதைவிட வேகமாக. அதனால் காயாகவே வைத்துக்கொண்டு அன்றன்றைக்கு உரியுங்கள்.

கிராம்பையும் ஏலக்காயையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். ஒரு மாதம் கழித்து ஏலக்காயை உரித்தால் அரிசியிலும் கிராம்பு வாசம் இருக்கும். டப்பாவில் வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு காயை நசுக்கி, ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு தடவை முகர்ந்து பாருங்கள். இனிப்பு வாசம் வராமல் போனால் மிச்சத்தை அந்த மாதத்திலேயே தீர்த்துவிடுங்கள்.